அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய பி.ஜி. படங்களைப் பார்த்தேன். வேளச்சேரியில் இருப்பதுதான் உனக்குப் பிடித்திருக்கிறது போல. கட்டில், அலமாரி, ஜன்னல் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் லேடீஸ் ஹாஸ்டலில் வார்டனாக இருந்த காலத்தில், ஜன்னல் சின்னது என்று காலி செய்துகொண்டு போன பெண் ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. கேட், சாப்பாடு, வந்துபோகிறவர்கள், இந்த மூன்றில்தான் சண்டை வரும்.

கேட்டைப் பற்றி முதலில். "பத்து மணிக்குள்ள வந்துடணும்" என்று அந்த அம்மா சொன்னார்களாம், நீயும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாய். உன் ஷிஃப்ட் முடிவதே இரவு 10.30-க்கு. கேப் உன்னை இறக்கிவிடும்போது 11.15 ஆகிவிடும். அப்படியென்றால் வாரத்தில் ஐந்து நாளும் நீ லேட்தான். அதை முதல் நாளே சொல்லிவிடு. "லேட்டானா விடுவீங்களா?" என்று பொதுவாகக் கேட்டால், "அதெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா" என்றுதான் பதில் வரும். அட்வான்ஸ் வாங்கும் வரை நாங்களும் அப்படித்தான் சொல்வோம். "தினமும் 11.15-க்கு வருவேன், கேட்டை யார் திறப்பாங்க?" என்று கேள். அப்போது ஒரு ஆளைக் காட்டியே ஆக வேண்டும்.

அந்த ஆள் ராத்திரி முழுக்க கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் என்றால் கவலை இல்லை. தூங்கப் போன வார்டன் மாடியிலிருந்து இறங்கி வந்து திறக்க வேண்டும் என்றால் யோசி. முதல் வாரம் சிரித்துக்கொண்டே திறப்பார். ஒரு மாதம் போனால் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார். நீ தெருவில் நிற்பாய். அதனால் இன்னொரு நம்பர் யாருடையது என்று கேட்டு வாங்கு. ஆபீஸ் கடிதம் ஒரு தடவை கொடுத்தால் போதுமா, ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புதிதாகக் கொடுக்க வேண்டுமா என்பதையும் கேள். சில இடங்களில் லேட்டாக வந்தால் அபராதம் உண்டு. சில இடங்களில் வீட்டுக்கு ஃபோன் போடுவார்கள். எனக்குப் போட்டால் போடட்டும், நீ எங்கே இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும்தானே. ஆனால் எந்தக் காரணத்துக்குப் போடுவார்கள் என்பது உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று யாரும் கேட்பதில்லை. வெளியிலிருந்து உள்ளே வருவதையே பேசுகிறோம், ராத்திரி உள்ளேயிருந்து வெளியே எப்படி வருவது? நிறைய இடங்களில் பத்து மணிக்கு மேல் கிரில் கேட்டுக்குப் பூட்டு போட்டு, சாவியை வார்டன் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் தீப்பிடித்து, தங்கியிருந்த பெண்கள் உயிரிழந்தார்கள். நினைவிருக்கும். அதனால் "ராத்திரி அவசரம்னா சாவி எங்கே இருக்கும், வேறு வழி இருக்கா?" என்று கேட்டு, அந்த வழியில் ஒரு தடவை நடந்து பார்த்துவிடு. பின்பக்கப் படியில் காலி சிலிண்டரும் உடைந்த கட்டிலும் அடுக்கி வைத்திருந்தால் அது வழி இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். ருசியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. எந்த ஹாஸ்டல் சாம்பாரும் மூன்றாவது வாரத்தில் அலுத்துவிடும். உனக்குச் சிக்கல் நேரம்தான். காலை டிபன் 7.30-லிருந்து 9 வரை, ராத்திரி சாப்பாடு 8-லிருந்து 9.30 வரை என்று எழுதியிருக்கிறாய். 11.15-க்கு வந்து, குளித்துவிட்டுப் படுக்க ஒரு மணியாகும் பெண் 9 மணிக்குள் எழுந்து இட்லி சாப்பிடுவாளா? உன்னை எனக்குத் தெரியாதா! மதியமும் ராத்திரியும் ஆபீஸ் கேன்டீன். சாப்பாட்டோடு 9,500, சாப்பாடு இல்லாமல் 6,500 என்றால், சனி, ஞாயிறு சாப்பிடுவதற்காக மாசம் 3,000 ரூபாய் கொடுக்கிறாய். எட்டு நாளைக்கு 3,000, நாளைக்கு 375. அந்தக் காசுக்கு வெளியிலேயே நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

அதனால் இரண்டு கேள்வி கேள். டிபனை டப்பாவில் எடுத்து வைப்பார்களா? வைப்பார்கள் என்றால் யார் வைப்பது, சமையல் அக்கா லீவில் போனால் யார்? இல்லையென்றால், சாப்பாடு இல்லாமல் சேர முடியுமா, சனி ஞாயிறு மட்டும் சாப்பிட்டால் வேளைக்கு எவ்வளவு? ஊருக்கு வரும் நாட்களுக்குக் கழிப்பார்களா என்பதையும் கேள். கழிப்பார்கள் என்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். ரூமில் எலக்ட்ரிக் கெட்டில் வைக்க விடுவார்களா என்பதும் முக்கியம். விடாத இடத்தில் ஒளித்து வைக்காதே. ஒரே பிளக்கில் நாலு பேர் நாலு கெட்டில் போட்டு ஒயர் உருகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

விருந்தாளிகள் விஷயத்தில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். அப்பா வந்தாலும் கீழே ஹாலில் உட்காரட்டும், தப்பில்லை. ஆனால் நீ 103 டிகிரி காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கும்போது அவர் மேலே வரலாமா? நான் வந்தால் ராத்திரி உன்னோடு தங்கலாமா, ஒரு நாளைக்கு எவ்வளவு? கூட இருக்கும் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டுமா? இதெல்லாம் உடம்பு சரியில்லாத அன்றைக்குக் கேட்கிற கேள்வி இல்லை.

நீ அழைக்காமல் வருகிறவர்களைப் பற்றியும் கேள். எலக்ட்ரீஷியன், பிளம்பர், வாடகை வாங்க வரும் ஓனரின் மகன், இவர்கள் மாடிக்கு எப்போது வருவார்கள்? வருமுன் குரூப்பில் சொல்வார்களா, கூடவே வார்டன் வருவாரா? உன் ரூமின் மாற்றுச் சாவி யாரிடம்? மதியம் வரை தூங்குகிறவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கேமரா கேட்டிலும் வராண்டாவிலும் இருக்கலாம், ரூமுக்குள்ளும் குளியலறைப் பக்கமும் இருக்கக் கூடாது.

பேசி முடித்ததும் பதில்களை அந்த அம்மாவுக்கே வாட்ஸ்அப்பில் சுருக்கமாக எழுதி, "நீங்க சொன்னது சரிதானே ஆன்டி?" என்று அனுப்பு. அவர்கள் "ஓகே" என்று போட்டால் போதும், நாளைக்கு வார்டன் மாறினாலும் அது உன் கையில் இருக்கும். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்படாதே. உரிமம் இருக்கிறவர்கள் பெரும்பாலும் வரவேற்பறைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள்.

அப்புறம், நீ ஞாயிறு காலையில் போய்ப் பார்த்திருக்கிறாய். அப்போது எல்லா ஹாஸ்டலும் அழகாகத்தான் இருக்கும். வேலைநாளில் ராத்திரி ஒன்பதரை மணிவாக்கில் இன்னொரு தடவை போ. கேட்டில் யார் இருக்கிறார்கள், பாத்திரத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும் பெண்களில் யாராவது லேட் ஷிஃப்ட்டா என்று விசாரி. அவள் சொல்வதற்கும் அந்த அம்மா சொன்னதற்கும் வித்தியாசம் இருந்தால், அவள் சொல்வதை நம்பு.

போய்ப் பார்த்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு. அட்வான்ஸ் பணத்தை அப்பா எடுத்து வைத்திருக்கிறார், நீ சொன்ன பிறகு அனுப்பச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா