இடக்கை வாளும் எண்ணிக்கைக் கணக்கும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி காரணமாக நான் களத்தில் இறங்குவதைக் குறைத்துக்கொண்டு, மாலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இடக்கைக்காரியான கயல் வாள்வீச்சில் சேர்ந்திருக்கிறாள், ஃபாயில் என்னும் மெல்லிய வாளால் ஆடுகிறாள் என்று படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. இடக்கைக்காரர்களுக்கு மூளை வேறு விதமாக, வேகமாக வேலை செய்வதால்தான் அவர்கள் வாள்வீச்சில் வெல்கிறார்கள் என்று உன்னிடம் யாரோ சொன்னதாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருந்தாய். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பயிற்சிக் கூடத்தில் 20 பேர் இருக்கிறார்கள், அவர்களில் 2 பேர் இடக்கையர் என்று வைத்துக்கொள். பத்தில் ஒருவர் என்ற உலக வழக்கத்துக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை மோதினால், வலக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் 19 ஆட்டங்களில் 2 மட்டுமே இடக்கையருடன் அமையும். இடக்கைக்காரருக்கோ 19-இல் 18 ஆட்டங்கள் வலக்கையருடன் அமையும். பத்து ஆண்டுகள் கழித்து அவ்விருவரும் ஒரு போட்டியில் எதிரெதிரே நிற்கும்போது, ஒருவருக்கு அது தினசரிப் பழக்கம், மற்றவருக்கு எப்போதோ வரும் விருந்தாளி. வாள்வீச்சில் இடக்கையின் அனுகூலம் பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கிறது.

களத்தில் அது எப்படித் தெரியும் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். வலக்கையர் இருவர் எதிரெதிரே நின்றால், என் வாள் என் வலப்புறத்திலும் எதிராளியின் வாள் என் இடப்புறத்திலுமாகக் குறுக்காக அமையும். அவருடைய குத்து பெரும்பாலும் என் மார்பின் உட்புறத்தை நோக்கி வரும். அதைத் தடுக்க மணிக்கட்டை இடப்பக்கம் நகர்த்தும் ‘கார்ட்’ என்னும் நான்காம் தடுப்பை ஆயிரக்கணக்கான முறை செய்து, யோசிக்காமலே கை நகரும் அளவுக்குப் பழகியிருப்போம். எதிரே இடக்கையர் நின்றால் இரண்டு வாள்களும் களத்தின் ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன. குத்து என் வலது தோளுக்குக் கீழே, விலாப்புறமாக வருகிறது. இளவயதில் 5 புள்ளி கொண்ட ஒரு முதற்சுற்று ஆட்டத்தில் ஓர் இடக்கையரிடம் 5–1 என்று நான் தோற்றேன். அதில் நான்கு குத்துகள் ஒரே இடத்தில், வலது அக்குளுக்கு ஒரு சாண் கீழே விழுந்தன. ஒவ்வொரு முறையும் என் கை தன் பழக்கப்படி இடப்பக்கம் போனது. போன அந்த நொடியில் வலப்பக்கம் கதவைத் திறந்ததுபோல ஆயிற்று. கையை வலப்பக்கம் சற்றே வெளியே நிறுத்தி, ‘சிக்ஸ்ட்’ என்னும் ஆறாம் தடுப்பால் அந்த வழியை அடைத்திருக்க வேண்டும். தெரியாத பாடம் அல்ல அது. தேவையான நேரத்தில் கைக்கு வரவில்லை.

இதில் நீ கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எனக்கு எந்தப் பக்கம் திறந்திருந்ததோ அதே பக்கம் அவருக்கும் திறந்துதான் இருந்தது. களத்தின் அமைப்பு இருவருக்கும் சமம். வேறுபட்டது பழக்கம் மட்டுமே. இடக்கையர் இருவர் மோதுவதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்: அந்த ஆட்டம் இருவருக்குமே அரிதானது என்பதால் இருவரும் தடுமாறுவார்கள். அனுகூலம் மூளையில் இருந்திருந்தால் அங்கே அது மறைந்திருக்காது.

இத்தாலியின் எடோர்டோ மாஞ்சியரோட்டி பிறப்பால் வலக்கைக்காரர். மிலானில் வாள்வீச்சு ஆசானாக இருந்த அவருடைய தந்தை ஜுசெப்பே, எதிராளிகளுக்குச் சங்கடமாக இருக்கட்டும் என்றே மகனை இடக்கையால் ஆடப் பழக்கினார். 1936 முதல் 1960 வரை அந்த மகன் வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் 13. அவருடைய மூளை வலக்கைக்காரரின் மூளைதான்.

டென்னிஸில் இந்த அரிதான தன்மையோடு விதிமுறையும் சேர்ந்துகொள்கிறது. 40–30, 30–40, அட்வான்டேஜ் ஆகிய புள்ளிகளில் சர்வ் எப்போதும் எதிராளியின் இடப்பக்கப் பெட்டிக்கே போகும். அங்கே இடக்கையர் பந்தைப் பக்கவாட்டில் சுழலவிட்டு அடிக்கும் ஸ்லைஸ் சர்வ், வலக்கையரின் பேக்ஹேண்டைத் தாண்டி வெளியே வளைந்து செல்லும். கேமையே தீர்மானிக்கும் புள்ளிகளில் மிக வசதியான சர்வ் அவருக்குக் கிடைக்கிறது. நடால் எழுதுவது வலக்கையால்தான், ஆடியது இடக்கையால். அவர் குறுக்காக அடிக்கும் கடும் டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்ட், களிமண் தரையில் ஃபெடரரின் ஒருகைப் பேக்ஹேண்டுக்குத் தோள் உயரத்தில் எழும்பியதை நாம் இருவரும் சேர்ந்து எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! களிமண்ணில் அவர்கள் மோதிய 16 ஆட்டங்களில் 14 நடாலுக்கே.

பேஸ்பாலில் காரணம் வேறு. அங்கே திடலே ஒருபக்கச் சார்புடையது. பந்தை அடித்தவர் முதலில் ஓடவேண்டியது வலப்புறம் உள்ள முதல் பேஸ் என்னும் நிலைக்கு. இடக்கை மட்டையாளர் அந்தப் பக்கமாகவே நிற்கிறார். மட்டையைச் சுழற்றி முடிக்கும்போது அவருடைய உடலும் அந்தத் திசையிலேயே சாய்கிறது. வலக்கையர் மூன்றாம் பேஸ் பக்கம் சாய்ந்து, பிறகு திரும்பி ஓட வேண்டும். 90 அடி ஓட்டத்தில் சராசரி வலக்கையருக்கு 4.3 நொடி, இடக்கையருக்கு 4.2 நொடி என்பது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் திறனறிவோர் வைத்திருக்கும் அளவுகோல். இந்தப் பத்தில் ஒரு நொடிக்காகவும்தான், வலக்கையால் பந்தெறியும் பலர் மட்டையை இடக்கையாகப் பிடிக்கப் பழகுகிறார்கள். 2004-இல் 262 ஹிட் அடித்துச் சாதனை படைத்த இச்சிரோ சுஸுக்கி அப்படிப்பட்டவரே. இந்த அனுகூலத்துக்கு அரிதாக இருப்பது தேவையில்லை. எல்லோரும் இடக்கையரானாலும் முதல் பேஸ் அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் அதே திடல் அவர்களுக்குச் சில வாசல்களை மூடியும் விடுகிறது: இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையிலுள்ள ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ் ஆகிய இடங்களில் நின்று பந்தை எடுக்கும் இடக்கையர் முதல் பேஸுக்கு எறிய உடலைத் திருப்ப வேண்டியிருப்பதால், அவர்களை அங்கே பெரும்பாலும் நிறுத்துவதே இல்லை.

எதிராளிக்குக் கிடைக்கும் நேரம் குறையக் குறைய இடக்கையரின் எண்ணிக்கை கூடுகிறது என்பதை ஜெர்மானிய ஆய்வாளர் ஃப்ளோரியன் லோஃபிங் 2017-இல் காட்டினார்: உயர்நிலைப் பேஸ்பால் பந்தெறிபவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம், ஸ்குவாஷில் ஏறத்தாழ 9 சதவீதம். யோசிக்க நேரம் இருந்தால் பழக்கமின்மையைச் சமாளித்துவிடலாம். நேரம் இல்லாதபோது கை தனக்குத் தெரிந்ததையே செய்கிறது. என் அக்குளுக்குக் கீழே விழுந்த நான்கு குத்துகளும் அதைத்தான் எனக்குச் சொல்கின்றன.

ஆகவே கயலுக்கு ஒன்று மட்டும் சொல். மேலே போகப் போக இடக்கையர் அதிகமாக எதிர்ப்படுவார்கள். வலக்கையரும் அவளைப் போன்றவர்களுக்கென்றே தயாராகி வருவார்கள். இப்போது எளிதாக விழும் அந்த விலாக்குத்தை மட்டும் நம்பிப் பழகினால், சில ஆண்டுகளில் அவளிடம் வேறு எதுவும் இருக்காது. அவளுடைய கூடத்தில் வேறு இடக்கையர் எவரும் இல்லை என்று எழுதியிருந்தாய். அது எனக்குக் கவலையாக இருக்கிறது. கோடை விடுமுறையில் அவளை இங்கே பத்து நாள் அனுப்பி வை. என்னிடம் இடக்கைப் பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். காலையில் அவர்களோடு மட்டும் ஆடட்டும். முகமூடியும் ஜாக்கெட்டும் இங்கே இருக்கின்றன, அவளுடைய இடக்கைக் கையுறையை மட்டும் மறக்காமல் கொடுத்துவிடு.

அன்புடன்,
ராமநாதன்