ஏழரை மணிக்குச் சோறு

ஆசிரியருக்கு வணக்கம்.

குடிநோய் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அப்பாக்களுக்கான மருந்து, மறுவாழ்வு மையம் என்பதோடு நின்றுவிட்டது. அப்பா குடியை விடாத வீட்டிலும் பிள்ளைகள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளிகளில் ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்க்கும் நான் அவர்களுக்காக எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதல் பாடவேளையிலேயே தூங்குகிறாள் என்று என்னிடம் அனுப்பினார்கள். ‘வீட்டில் என்ன பிரச்சினை?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் அப்பாவைக் காட்டிக்கொடுக்காது. அதனால், ‘நேற்று சாயங்காலம் ஆறு மணியிலிருந்து தூங்கும் வரை என்னென்ன செய்தாய்?’ என்றுதான் கேட்டேன். தண்ணீர் பிடித்தாள், தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள், பிறகு வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அப்பா எவ்வளவு குடித்திருக்கிறார் என்பதை அவர் ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாளாம். அவர் உள்ளே வந்ததும் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளிப்பது அவள் பொறுப்பு. ஒருநாள் மறந்துவிட்டாள். அப்பா மறுபடி கடைக்குப் போய், திரும்பும் வழியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அது தன்னால் நடந்தது என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவர் குடிப்பதற்கு நீ காரணமில்லை, அதை நிறுத்துவதும் குணப்படுத்துவதும் உன் வேலையில்லை என்று வாரா வாரம் சொன்னேன். ஒரே தடவையில் இறங்குகிற பேச்சல்ல இது. பிறகு அம்மாவை வரவழைத்தேன். சாவிப் பொறுப்பை அவர் வாங்கிக்கொண்டார். அப்பா வரட்டும் என்று இரவு பத்து மணி வரை பிள்ளைகளைப் பட்டினியாக உட்காரவைக்கும் வழக்கத்தையும் மாற்றினோம். அப்பாவின் பங்கை மூடிவைத்துவிட்டு, ஏழரைக்கு மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் முதலியோர் 1980இல் வெளியிட்ட ஆய்வில், இரவுச் சாப்பாடு, பண்டிகை போன்ற வழக்கங்களைக் குடி கலைக்காமல் காப்பாற்றிக்கொண்ட குடும்பங்களில், அடுத்த தலைமுறைக்குக் குடிநோய் தொடர்வது குறைவாக இருந்தது.

அடி விழும் வீட்டுக்கு இது மட்டும் போதாது. சத்தம் எழுந்தால் தம்பியோடு பக்கத்து வீட்டு அத்தையிடம் போய்விட வேண்டும் என்று பேசிவைத்தோம். மாற்றுச் சீருடை ஒன்று அங்கேயே இருக்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐயும் மனப்பாடம் செய்யவைத்தேன்.

ஆசிரியர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவைக் கூப்பிட்டு, ‘உங்கள் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்’ என்று கண்டிக்காதீர்கள். அன்றிரவு அதற்கான அடியை வாங்குவது அவள்தான். அதன் பிறகு யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

அந்த அப்பா இன்னும் குடிக்கிறார். அவள் முதல் பாடவேளையில் இப்போது தூங்குவதில்லை. அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வரும்போது, இரவிலும் இலவசமாக அழைக்கக்கூடிய அந்த 1098ஐப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆலோசகர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்.