குருமடம் ஒரே நாளில் முளைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லூத்தரைப் பற்றிய பகுதி நன்றாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு கத்தோலிக்கத் திருச்சபை தன்னைத் திருத்திக்கொண்ட கதையைக் கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். திரெந்து நகரில் ஆயர்களின் பொதுச்சங்கம் கூடியது, அதன் ஆணைப்படி குருக்களைப் பயிற்றும் குருமடங்களும் புதிய துறவற சபைகளும் தோன்றின என்கிறார். நடந்தது அவ்வளவு சுலபமாக இல்லை.

முதலில் சபைகளை எடுத்துக்கொள்வோம். தியாத்தின் சபை 1524இல் தொடங்கியது. கப்புச்சின் சபைக்கு 1528இலும் இயேசு சபைக்கு 1540இலும் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. திரெந்து சங்கம் கூடியதோ 1545இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பே பிரான்சிஸ் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். ஆக, புதிய சபைகள் சங்கத்தின் பிள்ளைகள் அல்ல. சங்கம் முடிவெடுக்கும்வரை காத்திராமல் வேலையைத் தொடங்கிவிட்டவர்கள் அவர்கள்.

குருமடம் மட்டும் உண்மையிலேயே சங்கத்தின் படைப்புதான். அதுவரை பங்குக் குருவாக விரும்பும் பையன் தன் ஊர்ச் சாமியாரிடமோ, குருவாக இருக்கும் மாமனிடமோ ஒட்டிக்கொண்டு, பூசைக்கு உதவி செய்து, கொஞ்சம் இலத்தீன் கற்றுக்கொள்வான். வயது வந்ததும் ஆயரிடம் ஒரு சிறு தேர்வு, அப்புறம் குருப்பட்டம். பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தவர்களும் உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கிராமப் பங்குகளுக்குப் போகவில்லை.

1563 ஜூலை 15 அன்று நடந்த 23ஆம் அமர்வில் சங்கம் இதை மாற்ற முயன்றது. ஒவ்வொரு ஆயரும் தன் மறைமாவட்டத்தில் ஒரு குருமடம் நிறுவ வேண்டும். அதில் குறைந்தது 12 வயதான, எழுதப் படிக்கத் தெரிந்த பையன்களைச் சேர்க்க வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, வசதியுள்ளவர்கள் தங்கள் செலவில் படிக்கலாம். இலக்கணம், பாட்டு, திருநூல், திருச்சபை நாட்காட்டிக் கணக்கு, அருட்சாதனங்களை வழங்கும் முறை ஆகியவை பாடங்கள். பாவசங்கீர்த்தனம் கேட்பதற்குத் தேவையானதைக் குறிப்பாகக் கற்பிக்கச் சொன்னார்கள். ஆயர் தன் மறைமாவட்டத்திலேயே தங்கியிருக்க வேண்டும் என்ற ஆணையும் அதே நாளில்தான் வந்தது. ஊரில் இல்லாத ஆயர் குருமடம் நடத்த முடியாதல்லவா?

சரி, இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? சங்கம் இதற்கும் வழி சொன்னது. ஆயரின் சொந்த வருமானம், பேராலயக் குருக்களின் மானியங்கள், மடங்களின் சொத்து, பங்கு வருமானம் என எல்லாவற்றிலிருந்தும் ஒரு பகுதியைப் பிடித்துக் குருமடத்துக்குத் தர வேண்டும். பிச்சையெடுத்து வாழும் சபைகளுக்கு விலக்கு உண்டு. பெரும்பாலான இடங்களில் திட்டம் தடுக்கி விழுந்தது இங்கேதான். தங்கள் மானியத்தில் கைவைப்பதை யார் விரும்புவார்கள்? எதிர்ப்புகளும் வழக்குகளும் வந்தன. பல ஆயர்கள் பெயருக்கு ஓர் இல்லத்தைத் திறந்து பத்துப் பன்னிரண்டு பையன்களை வைத்துக்கொண்டார்கள், அல்லது எதுவுமே செய்யவில்லை.

இத்தாலியின் மிலான் நகரில் ஏன் நடந்தது? அங்கே பேராயராகச் சார்லஸ் பொரோமியோ இருந்தார். அவரே பழைய முறைகேட்டின் விளைச்சல் என்பதுதான் வேடிக்கை. சிறுவயதிலேயே ஒரு மடத்தின் வருமானம் அவர் பெயரில் வந்தது. மாமா நான்காம் பயஸ் திருத்தந்தையானதும் 21 வயதில் கர்தினாலாகிவிட்டார். அப்படிப்பட்டவர் 1565இல் மிலானுக்கு வந்தபோது, அந்த நகரம் ஏறக்குறைய 80 ஆண்டுகளாகத் தன்னோடு தங்கும் பேராயரைக் கண்டதில்லை.

அவர் வருவதற்கு முன்பே, 1564இல், அவருடைய ஆளுகையின் கீழ் மிலானில் குருமடம் திறக்கப்பட்டு இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. இவர் வந்தபின் செய்ததுதான் முக்கியம். எல்லோரும் ஒரே அளவு படிக்க முடியாது என்று புரிந்துகொண்டு, நகரத்தில் முழு இறையியல் கற்கும் ஓர் இல்லமும், அவ்வளவு திறன் இல்லாதவர்கள் பங்குப் பணிக்கு வேண்டியதை மட்டும் கற்கும் இன்னோர் இல்லமும் வைத்தார். ஏற்கெனவே பட்டம் பெற்று எதுவும் தெரியாமல் இருந்த குருக்களுக்கும் தனியாகப் பயிற்சி ஏற்பாடு செய்தார். மலைக் கிராமங்கள்வரை தாமே போய்ப் பங்குகளைச் சோதித்தார்.

எதிர்ப்பு எந்த அளவுக்குப் போனது தெரியுமா? ஹுமிலியாத்தி என்ற பழைய சபையில் ஒழுங்கு குலைந்திருந்தது. அதைத் திருத்த முனைந்த பேராயரை 1569 அக்டோபரில், சிற்றாலயத்தில் செபித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் துப்பாக்கியால் சுட்டார். அவர் பிழைத்தார். 1571இல் அந்தச் சபையின் ஆண்கள் பிரிவே கலைக்கப்பட்டது.

இயேசு சபையோடும் அவருக்கு உரசல் வந்தது. குருமடத்தின் கெட்டிக்கார மாணவர்கள் பங்குக் குருக்களாகாமல் இயேசு சபையில் சேர்ந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. 1578இல் தமக்குக் கீழ்ப்படியும் மறைமாவட்டக் குருக்களைக் கொண்டு ஒரு புதிய குழுவைத் தொடங்கி, குருமடத்தைப் பிறகு அவர்கள் கையில் கொடுத்தார். புதிய சபைகளும் குருமடமும் கைகோத்து நடந்தன என்று எழுதும்போது இந்தப் போட்டியையும் சொல்ல வேண்டும்.

பிரான்சு இதற்கு நேர்மாறு. திரெந்து ஆணைகளை அந்நாட்டு அரசு ஏற்கவே இல்லை, ஆயர்கள் கூடித் தாங்களாக ஏற்றதும் 1615இல்தான். குருப்பட்டத்துக்கு 25ஆம் வயது தொடங்கியிருக்க வேண்டும் என்று சங்கம் விதித்திருந்தும், 1600இல் ஓர் இளைஞர் இருபது வயதைச் சுற்றியே பட்டம் பெற்றார். அவர்தான் பின்னாளில் புனிதரான வின்சென்ட் தே பவுல்! 1628இல் அவர் பொவே மறைமாவட்டத்தில் பட்டம் பெறவிருந்தவர்களைக் கூட்டி, சில நாள் தியானமும் அருட்சாதனப் பயிற்சியும் கொடுத்தார். குருமடமே இல்லாத இடத்தில் அதுதான் கிடைத்த பயிற்சி. பிறகு பாரிஸில், சங்கம் சொன்னபடி சின்னப் பையன்களைச் சேர்த்துப் பார்த்தார். பெரும்பாலோர் குருவாகாமலே போனார்கள். எனவே 1642 முதல், பட்டம் பெறும் வயதை நெருங்கியவர்களைச் சேர்க்கத் தொடங்கினார். சிறிய குருமடம், பெரிய குருமடம் என்று நாம் இன்று பிரித்துச் சொல்வதன் வேர்களில் ஒன்று இது. திரெந்து முடிந்து அதற்குள் 79 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இன்னொன்று, எல்லாக் குருக்களும் குருமடத்தில்தான் படித்திருக்க வேண்டும் என்று திரெந்து சொல்லவில்லை. ஆயர்கள் குருமடம் நடத்த வேண்டும் என்றுதான் சொன்னது. பழைய வழியில் குருவானவர்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார்கள்.

கட்டுரையாளர் இந்தத் தலைப்பைத் தொடர்வதாக இருந்தால், மானிய வரி எந்தெந்த மறைமாவட்டத்தில் வசூலானது, எங்கே வசூலாகவில்லை என்று பார்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தூத்துக்குடி.