இரண்டு மணி நேர இடைவெளி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வுக்கான மூலிகைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹைபெரிகம், அதாவது செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்று புட்டியில் அச்சிட்டு வரும் மூலிகை, லேசான மனச்சோர்வுக்குப் பலன் தருகிறது என்று எழுதியிருந்தது சரிதான். ஆய்வுகளிலும் அது தெரியவந்திருக்கிறது. ஆனால் கடைசிப் பத்தியில், "வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்" என்று ஒரு வரி வந்திருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் மருந்தாளுநராக வேலை பார்த்தவன் என்ற முறையில் அந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன்.

இடைவெளி விடச் சொல்வது வேறு சங்கதிக்கு. இரும்புச்சத்து மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் வயிற்றில் சந்தித்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அதனால் தள்ளித் தள்ளிச் சாப்பிடச் சொல்வோம். ஹைபெரிகம் எந்த மாத்திரையையும் வயிற்றில் பிடித்து வைப்பதில்லை. அது முக்கியமாகக் கைவைக்கும் இடம் கல்லீரல். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பன்னிரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டாலும் பலன் ஒன்றுதான்.

இந்தச் செடியின் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தியது போலப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். மஞ்சள் மொட்டை விரலில் நசுக்கினால் சிவப்புச் சாறு ஒட்டும். அந்தச் சிவப்புதான் ஹைபெரிசின். புட்டியின் மேல் "0.3 சதவீதம் ஹைபெரிசின்" என்று போட்டிருப்பது இதைத்தான். வேடிக்கை என்னவென்றால், மற்ற மருந்துகளோடு வரும் தகராறுக்குப் பெரும்பாலும் காரணம் ஹைபெரிசின் அல்ல, ஹைபர்ஃபோரின் என்ற வேறொரு பொருள். அதன் அளவைப் பல புட்டிகளில் எழுதுவதே இல்லை.

கல்லீரல் செல்லுக்குள் பிஎக்ஸ்ஆர் என்றொரு புரதம் இருக்கிறது. வெளியிலிருந்து வேண்டாத ரசாயனம் வந்தால் அதை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. ஹைபர்ஃபோரின் அதோடு கச்சிதமாகப் பொருந்திக்கொள்கிறது. உடனே செல் "சரக்கு அதிகம், ஆள் போதாது" என்று முடிவு கட்டி, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைக் கூடுதலாகத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. அவற்றில் முக்கியமானது சிஒய்பி 3ஏ4. நாம் சாப்பிடும் மருந்துகளில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு நொதியின் கையில்தான் போய்ச் சேர்கிறது. ஒரு மூலிகை இத்தனை மருந்துகளோடு மோதுவதற்கு இதுதான் காரணம். மோதல் ஒவ்வொரு மருந்தோடும் தனித்தனியாக நடப்பதில்லை. இத்தனை மருந்தும் கடந்து போகும் பொது வாசலில் ஆள் கூடிவிடுகிறது, அவ்வளவுதான்.

புதிய நொதி ஒரே நாளில் உருவாகிவிடாது. முழு வேகம் எடுக்க இரண்டு வாரம் வரை ஆகும். மூலிகையை நிறுத்திய பிறகும் அந்த வேகம் அடங்க அதே மாதிரி நாளாகும். ஆபத்து ஒளிந்திருப்பது இந்தத் தாமதத்தில்தான். முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை என்றதும் ஒத்துக்கொண்டது என்று நினைத்துவிடுகிறோம்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு வருடமாக ஒரே கருத்தடை மாத்திரை, ஒரு நாள் தவறியதில்லை. திடீரென்று மாத்திரைப் பட்டையின் நடுவில், ஒன்பதாம் மாத்திரை நாளில் உதிரக் கறை படத் தொடங்கியது. "இந்தக் கம்பெனி மாத்திரை சரியில்லை போல, வேறு கொடுங்கள்" என்று கேட்டார். வாந்தி, பேதி இருந்ததா, புதிதாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். "மருந்து இல்லாவிட்டால் மூலிகை, சத்து மாத்திரை?" என்று கேட்டதும்தான் கைப்பையிலிருந்து புட்டி வெளியே வந்தது. ஹைபெரிகம் 300 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, சரியாக மூன்று வாரம். மருந்து என்று கேட்டால் யாரும் மூலிகையைச் சொல்வதில்லை. நான் முதலிலேயே அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். மாத்திரையில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடையால், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் கல்லீரல் சீக்கிரம் கரைத்துத் தள்ளுகிறது. அளவு இறங்கியதும் கர்ப்பப்பையின் உள்படலம் நிலைகொள்ளாமல் உதிர்கிறது. அதுதான் அந்தக் கறை. 2003-இல் வந்த ஓர் ஆய்வில் 12 பெண்களுக்கு மாத்திரையோடு தினம் 900 மில்லிகிராம் ஹைபெரிகம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் எத்தினைல் ஈஸ்ட்ரடையால் பாதியாகக் குறைய ஆகும் நேரம் 23 மணியிலிருந்து 12 மணியாகச் சுருங்கியது. இடையில் உதிரம் பட்டவர்கள் இரண்டு பேராக இருந்தது ஏழு பேரானது. கறை பட்டால் கர்ப்பம் உறுதி என்று அர்த்தமில்லை. அதே நேரம், கறை படவில்லை என்பதற்காகப் பாதுகாப்பு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. கருமுட்டை வெளியானால் பெரும்பாலும் அது நமக்குத் தெரியாது.

அந்தப் பெண்ணை முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னேன். இல்லை என்று வந்தது. பிறகு மருத்துவரைப் பார்த்து மூலிகையை நிறுத்தினார். நிறுத்திய நாளிலிருந்து 28 நாள் மாத்திரையோடு ஆணுறையும் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அடுத்த பட்டையில் கறை இல்லை. மூலிகைதான் வேண்டும் என்று இருந்திருந்தால் கருத்தடை முறையை மாற்றியிருக்க வேண்டும். காப்பர் டி, ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம், மூன்று மாத ஊசி மூன்றும் இதனால் பாதிக்கப்படுவதில்லை. புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையும் கையில் வைக்கும் இம்பிளான்டும் பாதிக்கப்படும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் அதே கதிதான். ஹைபெரிகம் சாப்பிடுகிறவர்களுக்கும் அதை நிறுத்தி நான்கு வாரம் ஆகாதவர்களுக்கும் காப்பர் டி தான் முதல் தேர்வு, அது முடியாதபோது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசர மாத்திரை வழக்கமான 1.5-க்குப் பதில் 3 மில்லிகிராம் என்று பிரிட்டனில் 2016 முதல் அறிவுறுத்துகிறார்கள்.

மற்ற மருந்துகளில் விளைவு இன்னும் கடுமை. இதய மாற்று செய்துகொண்ட இரண்டு பேருக்கு, ஹைபெரிகம் சாப்பிட ஆரம்பித்த சில வாரத்தில், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் சரிந்து, புதிய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியதாக 2000-இல் சூரிச்சிலிருந்து பதிவு செய்தார்கள். ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். மூலிகை உள்ளே இருக்கும்போது மருத்துவர் வார்ஃபரின் அளவைக் கூட்டியிருப்பார். அவரிடம் சொல்லாமல் மூலிகையை நிறுத்தினால் இரண்டு வாரத்தில் நொதி அடங்கி, அந்தக் கூட்டிய அளவே ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். மனச்சோர்வு மாத்திரைகளோடு வரும் மோதல் செரோட்டோனின் என்ற மூளை ரசாயனத்தின் வழியாக நடப்பது, அது தனிக் கதை. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது.

ஹைபர்ஃபோரினை வெகுவாகக் குறைத்த சாறுகளும் இருக்கின்றன, அவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஹோமியோபதியில் இதே பெயரில், 30சி என்ற அளவுக்கு மிகவும் நீர்த்து வரும் உருண்டையில் மூலிகைச் சரக்கே கிட்டத்தட்ட இருக்காது, அதைச் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

"இரண்டு மணி நேர இடைவெளி" என்ற வரியை அடுத்த இதழில் திருத்தி, நிறுத்திய பிறகும் 28 நாள் என்ற கணக்கையும் சேர்த்துப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்