தடுப்பூசி பில்: எது திரும்பி வரும், எது வராது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் காப்பீட்டில் தடுப்பூசிக்குப் பணம் கிடைக்குமா என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறீர்கள். பெரும்பாலும் பில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள், அதனால் பாதிப் பேருக்கு வருத்தமான பதிலே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மடலில் அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

குழந்தைக்குப் போடும் வழக்கமான ஊசிகளும் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் இன்ஃபுளுவென்சா, நிமோனியா, அக்கித் தடுப்பூசிகளும் சாதாரண மருத்துவமனைச் செலவு பாலிசியில் வராது. காரணம் எளிது. வருமா வராதா என்று தெரியாத செலவுக்காகத்தான் காப்பீடு. குழந்தைக்கு எந்த வாரம் எந்த ஊசி என்பது பிறந்த அன்றே கையில் தரும் அட்டையில் அச்சாகியிருக்கிறது. எல்லோருக்கும் நிச்சயமாக வரப்போகும் செலவைப் பாலிசியில் சேர்த்தால், அதே தொகை நிர்வாகச் செலவோடு பிரீமியத்தில் ஏறிவிடும். உங்கள் பணமே சுற்றி வந்து, கொஞ்சம் குறைந்து உங்களிடம் சேரும். அதோடு, பாலிசி பணம் தருவது நோய்க்கோ காயத்துக்கோ அளிக்கும் சிகிச்சைக்கு. ஆரோக்கியமாக இருப்பவருக்குப் போடும் ஊசி அந்த வரையறைக்குள் வராது.

“ஊசிக்குக் கொடுத்தால் பிறகு ஆஸ்பத்திரிச் செலவு மிச்சமாகுமே, கம்பெனிக்கு இது புரியாதா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பாலிசி பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். இன்று போடும் ஹெபடைடிஸ் பி ஊசியின் பலன் பல ஆண்டுகள் கழித்துத் தெரியும். அப்போது நீங்கள் வேறு காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கலாம். இன்ஃபுளுவென்சாவுக்கு இந்த வாதம் அவ்வளவு பொருந்தாது, அதன் பலன் அந்தப் பருவத்திலேயே கிடைத்துவிடுகிறது. அந்த ஒன்றையாவது சேர்க்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

சரி, பணம் கிடைக்கும் இடத்துக்கு வருவோம். எதற்கெல்லாம் பணம் தர மாட்டோம் என்று சொல்லும் விலக்குப் பட்டியலில், பல பாலிசிகளில், தடுப்பூசி என்ற வரிக்குப் பக்கத்திலேயே, ‘கடிபட்ட பின் அளிக்கும் சிகிச்சை நீங்கலாக’ என்றொரு சிறு தொடர் இருக்கும். நாய் கடித்த பிறகு போடும் வெறிநாய்க்கடி ஊசி பேருக்குத்தான் தடுப்பூசி. உண்மையில் அது நடந்துவிட்ட காயத்துக்குச் சிகிச்சை. அதனால் இந்தத் தளர்வு. ஆனால் பலர் இடறுவதும் இங்கேதான். விலக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றால் தடை போனது, அவ்வளவுதான். பணம் தருவதாக அந்த வரி எங்கும் சொல்லவில்லை. பாலிசியின் அடிப்படை நிபந்தனை, அதாவது உள்நோயாளியாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது, அப்படியே நிற்கிறது.

எங்களிடம் வந்த இரண்டு க்ளெய்ம்களைப் பாருங்கள். ஒருவருக்குக் கணுக்காலில் நாய் பிறாண்டியது. ரத்தம் வரவில்லை. ஓ.பி.யில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் பாலிசியில் ஓ.பி. பலன் இல்லை. ஒரு தவணைக்கும் பணம் வரவில்லை.

இன்னொன்று ஆறு வயதுப் பையன், எடை 18 கிலோ. கன்னத்திலும் கையிலும் ஆழமான கடி. இப்படிப்பட்ட காயத்துக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. உடல் தானாக எதிர்ப்பை உருவாக்கும் வரை தாக்குப்பிடிக்க, இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பு மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். ஓர் இரவு சேர்த்து வைத்திருந்து மறுநாள் டிஸ்சார்ஜ் செய்தார்கள். கடிபட்ட நாளை 0 என்று வைத்தால் தடுப்பூசி 0, 3, 7, 14, 28 ஆகிய ஐந்து நாட்களில். முதல் தவணை உள்நோயாளி பில்லிலேயே இருந்தது. மற்ற நான்கும் ஓ.பி.

அந்த நான்கையும் நிறுவனம் ‘தடுப்பூசி, விலக்கு’ என்று எழுதித் திருப்பி அனுப்பியது. ஆனால் அந்தப் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பின் 30 நாள் வரை அதே சிகிச்சையின் தொடர்ச்சிக்குப் பணம் உண்டு. டிஸ்சார்ஜ் 1ஆம் நாள், கடைசி ஊசி 28ஆம் நாள். கணக்கு உள்ளேதான் அடங்குகிறது. கடித்த தேதி, காயத்தின் தன்மை, ஐந்து தவணைகளின் தேதி எல்லாவற்றையும் மருத்துவரிடம் ஒரே தாளில் எழுதி வாங்கி மறுபடி அனுப்பினோம். அப்புறம் இன்னொரு கேள்வி வந்தது: இம்யூனோகுளோபுலின் ஏன் இரண்டு குப்பி? மனித ரத்தத்திலிருந்து எடுக்கும் வகைக்கு அளவு கிலோவுக்கு 20 யூனிட். 18 கிலோவுக்கு 360. குப்பி ஒன்றில் இருந்தது 300. இந்தக் கணக்கை எழுதியதும் ஒப்புக்கொண்டார்கள். காயத்துக்காகப் போட்ட டெட்டனஸ் ஊசிக்கும் பணம் வந்தது. 14ஆம் நாள் போனபோது, வந்ததுதான் வந்தோம் என்று பையனுக்கு இன்ஃபுளுவென்சா ஊசியும் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டார்கள். அது சரிதான், நாங்களும் வாதாடவில்லை.

இதைப் படித்துவிட்டு, சின்னக் கீறலுக்கும் ஓர் இரவு ‘அட்மிட்’ ஆகிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். சேர்க்கத் தேவையில்லாத காயம் என்று மொத்தத்தையும் மறுப்பார்கள். எதுவானாலும் முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், முதல் ஊசியை அன்றே போடுங்கள். எங்களுக்குப் போன் செய்வது அதற்கப்புறம் போதும்.

வேறு சில வாய்ப்புகளும் உண்டு. மகப்பேறு பலன் எடுத்திருந்தால், பிறந்த குழந்தையின் முதலாண்டு ஊசிகளை ஒரு வரம்புக்குள் சில பாலிசிகள் தருகின்றன. பாலிசியோடு கூடுதலாக வாங்கும் ஓ.பி. ரைடர் இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் சில ரைடர்களிலும் தடுப்பூசிக்குத் தனி விலக்கு உண்டு. மண்ணீரலை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பாவது நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளைப் போடச் சொல்வார்கள். அது சிகிச்சையின் பகுதி என்று அறுவை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வாதாட இடம் இருக்கிறது. கிடைக்கும் என்று உறுதி தர முடியாது. மருத்துவமனை ஊழியருக்கு ஊசி முனை குத்தி ஹெபடைடிஸ் பி ஊசி போட்டால், முதலில் வேலை கொடுத்தவரிடம் கேட்பதே வழி.

தடுப்பூசி போட்ட பிறகு கடும் ஒவ்வாமை வந்து மருத்துவமனையில் சேர்ந்தால் அது வேறு விஷயம். ஊசியின் விலை கிடைக்காது. சேர்ந்து பெற்ற சிகிச்சை பெரும்பாலும் மற்ற நோய்களைப் போலவே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

கடிக்கான பில் வைத்திருப்பவர்கள் அதில் வெறுமனே ‘தடுப்பூசி’ என்று இருக்கிறதா, ‘கடிபட்ட பின் சிகிச்சை’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவதாக இருந்தால் மருத்துவமனையிலேயே திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். குப்பியில் ஒட்டியிருக்கும் தொகுதி எண் சீட்டையும் தூக்கிப் போடாமல், டிஸ்சார்ஜ் தாளின் நகலோடு எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் காப்பீட்டு ஆலோசனை அலுவலகத்தார்