2000ஆம் ஆண்டுக்குப் போய்விட்ட எங்கள் வேலை நாள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓர் அரச அலுவலகத்தில் வரவுப் பதிவுக்குப் பொறுப்பான நிர்வாக உத்தியோகத்தர் அவர்களுக்கும் தாபனக் கிளையினருக்கும்,

ஐயா, அம்மா,

கடந்த மாத வரவு அறிக்கையில் ஒரு வியாழக்கிழமை பலருக்கு 'வரவில்லை' என்று விழுந்திருக்கிறது. அதற்கு லீவு விண்ணப்பம் தரும்படியும், தராவிட்டால் சம்பளமற்ற லீவாகக் கணிக்கப்படும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அன்று நாங்கள் கடமையில் இருந்தோம். அதற்கான பதிவு உங்கள் விரல் ரேகை வரவு இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் வேறொரு திகதியில். அதை எடுப்பது எப்படி, எவ்வளவுக்கு நம்பலாம் என்பதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் வரவு விழாவிட்டால் கோளாறு பெரும்பாலும் விரலில்தான். வயல் வேலை, சீமெந்து, ஈரம் என்று ரேகை தேய்ந்தோ ஊறியோ இருக்கும். இயந்திரமும் ஏற்காமல் மறுபடி வைக்கச் சொல்லும். ஆனால் ஒரே காலையில், குறிப்பிட்ட ஒரு நேரத்துக்கு முன் வந்த எல்லாருக்கும் வரவு இல்லை, அதன்பின் வந்தவர்களுக்கும் பின்னேரம் விரல் வைத்தவர்களுக்கும் சரியாக இருக்கிறது என்றால், பார்க்க வேண்டியது மணிக்கூட்டை.

ஐப்பசி இடிமழையில் இரவு கரண்ட் போவது இங்கே புதினமல்ல. இந்த வகை இயந்திரம் அடாப்டரில் ஓடுகிறது. கரண்ட் இல்லாத நேரம் மணிக்கூட்டை ஓட வைப்பது உள்ளே பலகையில் இருக்கும் சின்னப் பொத்தான் பற்றரி. அது செத்துவிட்டால் கரண்ட் திரும்பும்போது மணிக்கூடு 2000-01-01, 00:00 என்று தொடங்கும். விரல் அடையாளங்கள் வேறு நினைவகத்தில் இருப்பதால் அழிவதில்லை. ஆகவே வழமைபோல பச்சை விளக்கு எரியும், நன்றி சொல்லும் குரலும் வரும். காலை அவசரத்தில் திரையின் மூலையிலுள்ள திகதியை யார் பார்ப்பது?

மென்பொருளில் மாதத்தின் முதலாம் திகதி முதல் கடைசித் திகதி வரை என்று கொடுத்து அறிக்கை எடுத்தால் 2000ஆம் ஆண்டு வரிகள் அதில் சேரா. பின்னேரம் 4.15க்குப் பின் வைத்த விரல் மட்டும் ஒற்றைப் பதிவாக நிற்கும். உள்வரவு இல்லாவிட்டால் எப்படிக் கணிப்பது என்று மென்பொருளின் விதியில் ஒரு தெரிவு உண்டு. அதை 'வரவில்லை' என்று வைத்திருந்தால் நாள் முழுவதும் போய்விடும். வராத ஒருவர் 4.16க்கு வெளியேறியது எப்படி என்று அறிக்கையைப் பார்க்கும் எவருக்கும் கேட்கத் தோன்ற வேண்டும்.

இனி வரிகளைப் பார்ப்போம். இயந்திரத்தில் பென் டிரைவைச் செருகி வரவுப் பதிவைத் தரவிறக்கினால் `attlog.dat` என்று முடியும் கோப்பு வரும். மென்பொருள் வரிகளைத் திகதிப்படி அடுக்கிவிடும். இந்தக் கோப்பிலோ எழுதப்பட்ட ஒழுங்கு அப்படியே இருக்கும். எங்களுக்கு வேண்டியது அந்த ஒழுங்குதான். மற்ற நிரல்களை விட்டு, இலக்கத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்து ஒரு மாதிரி தருகிறோம். இலக்கங்கள் விளக்கத்துக்காக இட்டவை:

```
208  2025-10-22 16:19:05
131  2000-01-01 00:31:12
114  2000-01-01 00:38:46
127  2000-01-01 00:40:20
145  2000-01-01 01:09:50
219  2025-10-23 10:21:33
```

22ஆம் திகதி பின்னேரத்துக்கும், மணிக்கூடு சரியான பின் விழுந்த 23ஆம் திகதி 10.21க்கும் இடையில் நான்கு வரிகள் சிக்கியிருக்கின்றன. அவை அந்தக் காலையில் அல்லாமல் வேறெப்போதும் எழுதப்பட்டிருக்க முடியாது. மிஞ்சுவது சரியான நேரம். 131ஆம் இலக்கக்காரர் காவலாளியிடம் சாவி வாங்கி, சாவிப் பதிவேட்டில் 8.13 என்று கையொப்பமிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 8.13இலிருந்து 31 நிமிடத்தைக் கழித்தால் 7.42. அதாவது கரண்ட் திரும்பி இயந்திரம் உயிர்பெற்ற நேரம். அந்த 7.42ஐ மற்ற வரிகளோடு கூட்டினால் 114 வந்தது 8.20க்கு, 127 வந்தது 8.22க்கு. 127 சாரதி. வாகன ஓட்டப் பதிவில் அவர் புறப்பட்ட நேரம் 8.25 என்று இருந்தால் கணக்கு இரண்டு பக்கத்தாலும் பொருந்துகிறது. 145க்கு 8.51 வருகிறது. 8.30 அலுவலகத்துக்கு அது பிந்திய வரவுதான், அப்படியே பதியுங்கள். அதை மறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

கையால் எழுதிய நேரத்தில் இரண்டு மூன்று நிமிடம் முன்பின் இருக்கும். அதனால் 8.30ஐ ஒட்டி வருகிறவரை இந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பிந்தியவர் என்று எழுதுவது சரியல்ல. அந்தக் காலையில் கரண்ட் இரண்டு தரம் போயிருந்தால் வரிகளின் நடுவே நேரம் மீண்டும் பூச்சியத்துக்கு அருகே இறங்கும்; அப்போது ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி ஆதார நேரம் தேவை. வரியே இல்லாதவருக்கு இந்த வழி உதவாது. ஆனால் குருமண்வெளிப் படகுப் பாதையில் ஏறி மண்டூர்ப் பக்கம் வெளிக்களத்துக்குப் போய், பின்னேரம் அலுவலகம் திரும்பாதவருக்குக் காலை வரி ஒன்று மட்டுமே இருக்கும். அவருக்கு வெளிச்செல்லும் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லீவு விண்ணப்பத்தை நாங்கள் மறுப்பதற்கு ஒரு நாள் லீவு போய்விடும் என்பது மட்டும் காரணமல்ல. அன்று கையொப்பமிட்ட கடிதங்கள், பிரயாணப்படிக் கோரிக்கை, ஓட்டப் பதிவு எல்லாம் கோவைகளில் இருக்கின்றன. அதே நாளுக்கு லீவுப் படிவமும் இருந்தால் கணக்காய்வு வரும்போது இரண்டில் எது பொய் என்ற கேள்வி எழும். பதில் எழுதப் போவது நாங்கள் மட்டுமல்ல, லீவை அங்கீகரித்தவரும்தான்.

எனவே முதலில், இயந்திரத்தின் பதிவுகளை அழிக்க வேண்டாம். தரவிறக்கியதும் அழிக்கும் தெரிவு மென்பொருளில் இயங்கினால் இன்றே நிறுத்துங்கள். மூலக் கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் பிரதி எடுத்து, அந்த 2000ஆம் ஆண்டு வரிகளையும் முன்பின் வரிகள் சிலவற்றையும் அச்சிட்டுக் கோவையில் இடுங்கள். திருத்தத்தை மென்பொருளின் கைமுறைப் பதிவு வழியாக, உரியவரின் பெயரில், 'மணிக்கூடு பிழை' என்ற காரணத்துடன் செய்யுங்கள். யார் திருத்தினார் என்பதும் தெரிய வேண்டும். சம்பளப் பட்டியல் மூடுமுன் முடிந்தால் நல்லது. மூடியிருந்தால் வெட்டிய தொகையை அடுத்த மாதம் நிலுவையாகச் சேர்த்து, சமயோசித லீவில் கழித்திருந்தால் லீவுப் பதிவேட்டில் திரும்ப வரவு வையுங்கள்.

பற்றரியை மாற்றுவது சிறு செலவு. சில மாதிரிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடமே விடுங்கள். அதுவரை இரவு கரண்ட் போன நாட்களில் அலுவலகம் திறப்பவர் விரல் வைக்குமுன் திரையின் திகதியைப் பார்க்கட்டும். பிழையாக இருந்தால், திருத்துமுன் திரை காட்டிய நேரத்தையும் கைக்கடிகார நேரத்தையும் ஒரு தாளில் எழுதிவைத்தால் போதும். மேலே செய்த கழித்தல் கூட்டலுக்கு வேறு சாட்சி தேட வேண்டியிராது.

சாவிப் பதிவேடு, வெளிச்செல்லும் பதிவேடு, ஓட்டப் பதிவு ஆகியவற்றின் அன்றைய பக்கப் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறோம். தரவிறக்கும்போது எங்களில் ஒருவர் உடனிருக்க அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
அன்று கடமையிலிருந்த உத்தியோகத்தர்கள்