பக்கத்து இருக்கைக்கு ஏன் வேறு வினாத்தாள்?

தேர்வு எழுதும் நண்பர்களே, இருக்கைகள் பதிவெண் வரிசையில்தான் இருக்கும். வரிசைக்கு ஐந்து பேர் என்றால் 101 முதல் 105 வரை முதல் வரிசை. 106 மறுபடி முன்னால், 101-க்குப் பக்கத்தில். வினாத்தாள் அ, ஆ, இ, ஈ என்று சுழற்சியில் வரும். 101-க்கு அ, 106-க்கு ஆ. கேள்விகள் பெரும்பாலும் அவைதான், வரிசை மட்டும் மாறியிருக்கும். அதனால் பக்கத்து விடைத்தாளைப் பார்த்து எழுதினால் தப்பாகத்தான் போகும்.

103 வரவில்லை என்று அவர் தாளை 104-க்குக் கொடுத்தால், சுழற்சி நகர்ந்து 106-க்கும் அ வந்துவிடும். ஆகவே காலி இருக்கைக்கான தாளைக் கேட்காதீர்கள், தானாக இடம் மாறவும் வேண்டாம்.

அப்புறம், முக்கியமானது: தாளில் உள்ள தொகுப்புக் குறியீட்டையே விடைத்தாளிலும் நிரப்புங்கள். மாற்றி நிரப்பினால் வேறு விடைக்குறிப்பை வைத்துத் திருத்திவிடுவார்கள்.